மீளெழுதும் நீர்ப்பாசனத் தாள்: கைவராத அத்தியாயங்கள் பற்றி மாணவி கேட்டவையும் என் பதில்களும்

அன்புள்ள பிள்ளைக்கு,

உமது கடிதமும் நேரம் வைத்து எழுதி அனுப்பின மூன்று விடைத்தாள்களும் கிடைத்தன. நீர் கேட்டவற்றை உமது சொற்களிலேயே வைத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன். உம்மோடு இந்தத் தாளை மீளெழுதப் போகிறவர்களும் இதே கேள்விகளோடுதான் என் அறைக்கு வருகிறார்கள், அவர்களுக்கும் இதைக் காட்டும்.

சேர், எனக்குக் கைவராத அத்தியாயம் நாலு இருக்கு: மண்ணீர், நீர்ப்பாசன இடைவெளி, மண்வளக் கணக்கு, வடிகால். இருக்கிறது ரெண்டு கிழமை. எதில தொடங்கட்டும்?

மண்ணீரில் தொடங்கும். அதிலும் முழு அத்தியாயம் வேண்டாம், தோற்ற அடர்த்தி வருகிற அந்த இரண்டு பக்கம் போதும்.

காரணம் உம்முடைய தாள்களிலேயே இருக்கிறது. நீர்ப்பாசன இடைவெளிக் கணக்கு மூன்று தாள்களிலும் வந்திருக்கிறது, மூன்றிலும் பிழைத்திருக்கிறீர். ஆனால் ஆவியாதல்–ஆவியுயிர்ப்பு கண்ட இடம் சரி, பயிர்க் குணகம் பெருக்கின இடம் சரி, வினைத்திறனால் வகுத்த இடமும் சரி. பிழை ஒவ்வொரு முறையும் ஒரே வரியில்தான் நிற்கிறது: மண்ணில் உள்ள ஈரத்தை நிறைச் சதவீதத்திலிருந்து நேரே மில்லிமீற்றருக்குக் கொண்டுபோன வரி.

அடுத்து மண்வளக் கணக்கைப் பாரும். ஒரு ஹெக்டயர் நிலத்தின் மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணின் நிறை கேட்டிருக்கிறது. நீர் 1,500 தொன் என்று எழுதியிருக்கிறீர். 10,000 சதுர மீற்றரை 0.15 மீற்றரால் பெருக்கினால் வருவது 1,500 கன மீற்றர், அது மண்ணின் கனவளவு. தோற்ற அடர்த்தி 1.5 என்று கேள்வியிலேயே தந்திருந்தும் அதைத் தொடாமல் கன மீற்றரைத் தொன் ஆக்கிவிட்டீர். சரியான விடை 2,250 தொன். இதற்குப் பிறகு நைதரசன் கண்ட வரிகள் எல்லாம் முறையாகத்தான் போகின்றன, தொடக்க எண் பிழை என்பதால் விடை மட்டும் பிழைத்தது.

ஆக, நாலு அத்தியாயம் என்று நீர் எழுதினதில் மூன்றுக்கு ஒரே வேர். வடிகால் வேறு கதை. அதில் நீர் பிழைவிடவில்லை, ஒன்றுமே எழுதவில்லை. வாசிக்காத அத்தியாயமும் வாசித்தும் பிழைக்கிற அத்தியாயமும் ஒன்றல்ல. வடிகாலைக் கடைசி நாலு நாளுக்கு வைத்துக்கொள்ளும்.

நான் எல்லாத்தையும் முதல் பக்கத்தில இருந்து திரும்ப வாசிச்சா இந்தப் பிழை தானாப் போகாதா?

போகாது. நானும் மாணவனாக இருந்தபோது ஒரு தாளை மீளெழுதினவன்தான். அப்போது புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போய், விட்ட இடத்திலேயே திரும்பவும் விட்டேன். வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் தெரிந்த வரியாகவே இருந்தது. தெரிந்த வரியில் யாரும் நின்று பார்ப்பதில்லையே.

அதனால்தான் உம்மைப் புத்தகத்தை மூடிவைத்துத் தாள் எழுதச் சொன்னேன். இனி அதே மூன்று தாளையும் எடுத்து, விடையைப் பாராமல் வரியைப் பாரும். பிழைத்த ஒவ்வொரு கணக்கிலும் முதலாவது பிழை வரியைச் சிவப்புப் பேனையால் வளையமிடும். அதற்குக் கீழே உள்ள பிழைகளை விட்டுவிடும், அவை மேலே இருந்து ஒழுகி வந்தவை. பிறகு அந்த வளையமிட்ட வரி எந்த அத்தியாயத்துக்குரியது என்று பக்கத்தில் எழுதும். கேள்வி எந்த அத்தியாயத்தில் வந்தது என்பது இங்கே தேவையில்லை. உமது தாள்களில் நான் ஐந்து வளையம் போட்டேன், நாலுக்குப் பக்கத்தில் தோற்ற அடர்த்தி என்றுதான் எழுதவேண்டி வந்தது. மற்றது ஈரத்தைப் பிழையான நிறையால் வகுத்தது, அதற்குக் கீழே வருகிறேன்.

தோற்ற அடர்த்தியால ஏன் பெருக்கிறது? சூத்திரம் பாடம்தான் சேர், ஏன் எண்டுதான் விளங்கேல்ல.

இந்த ஒரு கேள்விக்காகவே நீர் கடிதம் எழுதியது நல்லது.

செய்முறை வகுப்பில் பாவித்த உலோக வளையத்தை நினைத்துப்பாரும். அதன் உள்ளே 100 கன சென்ரிமீற்றர் இடம். அதை மண்ணில் இறக்கி, இரு பக்கமும் சீவி எடுத்து நிறுத்தால், வளையத்தின் நிறை கழித்து 168 கிராம் என்று வைப்போம். அதைக் கனலடுப்பில் 105 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் வைத்து எடுத்தால் 150 கிராம். போன 18 கிராமும் தண்ணீர்.

இப்போது இந்த 18 கிராமை இரண்டு விதமாகச் சொல்லலாம். உலர்ந்த மண்ணின் நிறையோடு ஒப்பிட்டால் 150 கிராமுக்கு 18, அதாவது 12 சதவீதம். வளையத்தின் இடத்தோடு ஒப்பிட்டால், 18 கிராம் தண்ணீர் 18 கன சென்ரிமீற்றர் இடம் பிடிக்கும், மொத்த இடம் 100, ஆகவே 18 சதவீதம். தண்ணீர் ஒன்றுதான், ஒப்பிட்ட பொருள்தான் வேறு. 12ஐ 18 ஆக்குவது எது? 1.5. அதுதான் தோற்ற அடர்த்தி: 100 கன சென்ரிமீற்றர் மண்ணில் 150 கிராம் உலர்மண்.

`θv = θg × ρb` என்று நீர் பாடமாக்கி வைத்திருப்பதும் இதையேதான் சொல்கிறது. இதில் `θg` நிறையளவு ஈரம், `θv` கனவளவு ஈரம், `ρb` தோற்ற அடர்த்தி.

சரி, நீர்ப்பாசனத்துக்கு ஏன் கனவளவு வேண்டும்? நாங்கள் தண்ணீரை மில்லிமீற்றர் ஆழத்தில் பேசுகிறோம். 100 மில்லிமீற்றர் ஆழ மண்ணில் கனவளவில் 18 சதவீதம் ஈரம் என்றால், அந்தத் தண்ணீரை மட்டும் பிழிந்து அதே நிலத்தில் நிற்கவிட்டால் 18 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். ஆழம் என்பது இடத்தைப் பற்றிய கணக்கு. நிறைச் சதவீதத்தை அங்கே கொண்டுபோக வழியில்லை, முதலில் அதை இடமாக மாற்றவேண்டும்.

இன்னொரு சிறு பிழையும் உமது இரண்டாவது தாளில் கண்டேன். ஈரத்தை ஈரமண்ணின் நிறையால் வகுத்திருக்கிறீர். மேலே உள்ள எண்களில் அப்படிச் செய்தால் 10.7 சதவீதம் வரும். வகுப்பது எப்போதும் உலர்மண்ணால். ஈரமண்ணின் நிறை நாளுக்கு நாள் மாறும், உலர்மண் மாறாது.

அப்ப அந்த மிளகாய்க் கணக்கை ஒருக்கா முழுசாச் செய்து காட்டுவீங்களா?

கேள்வி தந்தவை இவை. வயற்கொள்ளளவில் ஈரம் 20 சதவீதம், நிரந்தர வாடற் புள்ளியில் 10 சதவீதம், இரண்டும் உலர்நிறை அடிப்படையில். தோற்ற அடர்த்தி 1.5. மிளகாயின் வேர் 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் எடுக்கும். கிடைக்கும் நீரில் பாதி தீர்ந்ததும் இறைக்கவேண்டும். பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் குடிக்கும். வினைத்திறன் 60 சதவீதம். மழை இல்லை. நிலம் கால் ஏக்கர்.

முதலில் இரண்டு ஈரத்தையும் கனவளவுக்கு மாற்றும்: 20 என்பது 30 ஆகும், 10 என்பது 15 ஆகும். இரண்டுக்கும் இடையில் உள்ள 15 சதவீதம்தான் பயிர் எடுக்கக்கூடிய தண்ணீர். வேர் ஆழம் 400 மில்லிமீற்றர், அதில் 15 சதவீதம் 60 மில்லிமீற்றர். அதில் பாதி 30 மில்லிமீற்றர் தீர்ந்ததும் இறைப்பு. நாளுக்கு 5 வீதம் தீர்ந்தால் ஆறு நாளைக்கு ஒருமுறை.

ஒவ்வொரு இறைப்பிலும் மண்ணுக்குள் போய்ச் சேரவேண்டிய தேறிய ஆழம் 30 மில்லிமீற்றர். நாம் விடுவதில் 60 சதவீதம்தான் வேருக்குச் சேர்கிறது என்பதால் 30ஐ 0.6 ஆல் வகுத்து, 50 மில்லிமீற்றர் விடவேண்டும். சிலர் இங்கே பெருக்கி 18 என்று எழுதுவார்கள். வாய்க்காலில் போகிற வழியில் தண்ணீர் வீணாகிறது என்றால் விடவேண்டியது கூடுமே தவிரக் குறையாது. நீர் இதில் பிழைக்கவில்லை.

கால் ஏக்கர் என்பது ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். ஆகவே 50 மில்லிமீற்றருக்கு 50,000 லீற்றர். வோட்டர் பம்ப் செக்கனுக்கு 5 லீற்றர் தந்தால் 10,000 செக்கன், அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மணித்தியாலம்.

உமது தாளில் மாற்றும் வரி இல்லை. 20இலிருந்து 10ஐக் கழித்து, 400இல் 10 சதவீதம் 40 என்று எடுத்து, பாதி 20, ஐந்தால் வகுத்து நாலு நாள் என்று முடித்திருக்கிறீர்.

இனிக் கட்டாயம் 1.5 ஆல பெருக்கிடுவன் சேர். அது காணுந்தானே?

காணாது. இங்கேதான் அடுத்த குழி இருக்கிறது.

கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வரும். அதில் சதவீதத்துக்குப் பின்னால் ஒரு சிறு தொடர் நிற்கும்: ‘ஒன் ட்ரை வெயிட் பேஸிஸ்’ என்றோ ‘பை வொல்யூம்’ என்றோ. முதலாவது வந்தால் பெருக்கவேண்டும். இரண்டாவது வந்தால் ஏற்கெனவே கனவளவுதான், பெருக்கினால் பிழை. தோற்ற அடர்த்தியை வேறு ஒரு பகுதிக்காகத் தந்திருக்கலாம், தந்த எண்ணை எல்லாம் பாவித்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை. கேள்வியை வாசிக்கும்போதே அந்தத் தொடரின் கீழே கோடு போடும். முதல் தடவை விட்டவர்கள் இரண்டாம் தடவை விடுவது பெரும்பாலும் இந்த மறுபக்கத்தில்தான். பெருக்கவேண்டும் என்று மனதில் ஏற்றிக்கொண்டு போவார்கள், கண்டதையெல்லாம் பெருக்குவார்கள்.

பரீட்சை மண்டபத்துக்குள்ள விடை சரியோ பிழையோ எண்டு பாக்க ஏதும் வழி இருக்கா?

இருக்கிறது. மண் துணிக்கைகளின் உண்மை அடர்த்தியை வழமையாக 2.65 என்று எடுப்போம். தோற்ற அடர்த்தி 1.5 என்றால், 1.5ஐ 2.65 ஆல் வகுக்க 0.57 வரும். அதாவது மண்ணின் இடத்தில் 57 சதவீதம் துணிக்கை, மிச்சம் 43 சதவீதம் துளைவெளி. தண்ணீரும் காற்றும் இருக்கக்கூடிய இடம் அவ்வளவுதான். ஆகவே கனவளவில் எந்த ஈரமும் 43ஐத் தாண்டமுடியாது. வயற்கொள்ளளவில் காற்றுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும் என்பதால் அது 43க்குக் கீழேதான் நிற்கவேண்டும்.

ஏற்கெனவே கனவளவில் தந்த 30ஐத் தெரியாமல் 1.5 ஆல் பெருக்கினீர் என்று வைப்போம். 45 வரும். மண்ணில் உள்ள இடத்தைவிடத் தண்ணீர் கூட. அந்த இடத்திலேயே பேனையை வைத்துவிட்டு மேல் வரிக்குப் போம். கல்குலேற்றரில் அரை நிமிடம்கூட எடுக்காது.

ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கத்துக்குத்தான் உதவும். பெருக்க மறந்தால் எண் சிறிதாக வரும், 43க்குள் ஒழுங்காக அடங்கிவிடும். அதற்கு அலகை எழுதுவதைவிட வேறு வழி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் ‘நிறை’ என்றோ ‘கனவளவு’ என்றோ எழுதும். ‘நிறை’ என்று எழுதின எண்ணை 400 மில்லிமீற்றரால் பெருக்கக் கை போகும்போது உமக்கே உறுத்தும்.

ஒரு அத்தியாயம் முடிஞ்சுது எண்டு எப்ப எடுக்கலாம்?

அதே கணக்கைத் திரும்பச் செய்து சரிவந்தால் முடிந்தது என்று எடுக்காதீர், எண்கள் ஞாபகத்தில் இருக்கும். மூன்று நாள் விட்டு, கணக்கைப் பின்னுக்கிருந்து செய்து பாரும்.

உதாரணத்துக்கு, அதே மண், அதே பயிர்த் தேவை, ஆனால் விவசாயி எட்டு நாளைக்கு ஒருமுறைதான் இறைக்கமுடியும். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கவேண்டும்? எட்டு நாளைக்கு 40 மில்லிமீற்றர் தீரும். அது கிடைக்கும் நீரில் பாதி, ஆகவே மொத்தம் 80. மண் கனவளவில் 15 சதவீதம் தருகிறது, 80ஐ 0.15 ஆல் வகுக்க 533 மில்லிமீற்றர், ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர். இதை நீர் புத்தகம் மூடி, நின்று யோசிக்காமல் செய்தால் அடுத்ததுக்குப் போகலாம்.

இன்னொன்று, முன்னே சொன்ன வளைய மண்ணையும் இந்த மிளகாய்த் தோட்டத்திலிருந்து எடுத்ததாக வைத்துப் பாரும். கனவளவில் 18 சதவீதம் இருக்கிறது. வயற்கொள்ளளவு 30. குறைவு 12 சதவீதம், 400 மில்லிமீற்றரில் 48. இறைத்திருக்கவேண்டியது 30 தீர்ந்தபோது. 60இல் 48 போய்விட்டது, பயிர் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும். மூன்று அத்தியாயமும் ஒரு கேள்விக்குள் வந்துவிட்டன, கவனித்தீரா? நான் கேள்வித்தாள் எடுப்பவன் என்பதால் இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

சீனியர் எடுக்கிற குப்பி வகுப்புக்குப் போகட்டா?

வடிகாலுக்குப் போம். வாசிக்காத பாடத்தை ஒருவர் சொல்லக் கேட்டால் நேரம் மிச்சம். மண்ணீருக்குப் போகவேண்டாம். சீனியர் பலகையில் போடும்போது எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்து வெறும் தாளை எடுத்தால் கை ஓடாது. அதை நீர் தனியே செய்யவேண்டும்.

எங்கட அப்பா முத்தையன்கட்டில கால் ஏக்கர் மிளகாய் செய்யிறவர். நாலு நாளைக்கு ஒருக்காத்தான் இறைப்பு. பயிர் நல்லாத்தான் நிக்குது. அப்ப என்ர நாலு நாள் எப்பிடிச் சேர் பிழை?

இதை நீர் கடைசியில் சின்னதாக எழுதியிருந்தீர். எனக்கு இதுதான் பெரிய கேள்வியாகப் பட்டது. பரீட்சையில் நாலு நாள் என்று வந்ததும் நீர் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனதற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்கவேண்டும்: வீட்டில் கண்டதோடு ஒத்துப்போனது.

அப்பா செய்வது பிழையில்லை. உமது விடையும் அவரது வழக்கமும் தற்செயலாக ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன, வந்த வழி வேறு. கணக்கு கேட்டது, மண் தாங்கக்கூடிய அளவு முழுதையும் ஒரே இறைப்பில் நிரப்பினால் எத்தனை நாள் விடலாம் என்று. அப்பா அவ்வளவு தண்ணீர் விடுகிறாரா?

அவர் ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் பம்பை ஓடவிடுகிறார் என்று கேட்டுப் பாரும். இரண்டு மணித்தியாலம் என்று வைப்போம். பம்ப் செக்கனுக்கு 5 லீற்றர் தந்தால் 36,000 லீற்றர். 1,000 சதுர மீற்றருக்கு அது 36 மில்லிமீற்றர். 60 சதவீதம் வேருக்குச் சேர்ந்தால் 21.6. நாளுக்கு 5 வீதம் அது நாலு நாளைக்குக் கொஞ்சம் கூடத்தான் காணும். அவர் குறைவாக விட்டு அடிக்கடி இறைக்கிறார். கிணற்று நீர் ஊறும் வேகத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஏற்றபடி ஒருவர் பழகிக்கொண்ட முறையாக இருக்கலாம். ஆறு நாளைக்கு ஒருமுறை என்று நீர் போய்ச் சொல்லி, அவர் அதே இரண்டு மணித்தியாலம் மட்டும் ஓடவிட்டால் ஒவ்வொரு இறைப்பிலும் குறை சேர்ந்துகொண்டே போய், சில இறைப்புக்குள் செடி இலை தொங்கும்.

இந்த எண்கள் நான் ஊகித்தவை. வீட்டுக்குப் போனதும் 200 லீற்றர்ப் பரல் ஒன்றை வாய்க்கால் தலைப்பில் வைத்து, பம்ப் குழாயை அதற்குள் விட்டு, நிரம்ப எத்தனை செக்கன் என்று போன் கடிகாரத்தில் பாரும். 40 செக்கன் எடுத்தால் நான் எடுத்த 5 லீற்றர் சரி. 50 எடுத்தால் 4 லீற்றர்தான், அப்போது அப்பாவின் இறைப்பு மூன்றரை நாளைக்குக்கூடக் காணாது, ஆனாலும் பயிர் நிற்கிறது என்றால் வினைத்திறனோ வேரோ நான் நினைத்ததைவிட வேறு. எந்த எண் வந்தாலும் கணக்கை அதிலிருந்து திரும்பப் போட்டு, வெள்ளிக்கிழமைக்கு முன் அறிவியல்நகருக்கு அனுப்பும்.

இப்படிக்கு,
உமது விரிவுரையாளர்